புராஜெக்ட் ரிப்போர்ட்டின் முன்பக்கங்கள்: எது முதலில், எது பிறகு?

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் பி.இ. இறுதியாண்டு ரிப்போர்ட் பைண்டிங்குக்குப் போகும் சமயத்தில் பெரும்பாலும் தடுமாறுவது உள்ளே இருக்கும் அத்தியாயங்களில் இல்லை, முதல் ஐந்தாறு பக்கங்களில்தான்.

பல்கலைக்கழகம் தந்திருக்கும் வரிசை இது: அட்டை, தலைப்புப் பக்கம், போனஃபைட் சான்றிதழ், ஆய்வுச் சுருக்கம், பொருளடக்கம். உறுதிமொழிக்கும் நன்றியுரைக்கும் இந்தப் பட்டியலில் தனி இடம் இல்லை. பல துறைகள் அவற்றையும் கேட்கும். கேட்டால் சான்றிதழுக்கு அடுத்து உறுதிமொழி, அப்புறம் நன்றியுரை, அதன் பிறகு சுருக்கம் என்று வைப்பது வழக்கம். துறை வேறு மாதிரி சொன்னால் அதன்படியே வையுங்கள்.

போனஃபைட் சான்றிதழ் மாணவர் பேசும் பக்கம் அல்ல. 'இன்ன தலைப்பிலான இந்த ரிப்போர்ட் இன்னாருடைய வேலை, என் மேற்பார்வையில் செய்தார்' என்று வழிகாட்டி சொல்வது அது. இடப்பக்கம் துறைத்தலைவர், வலப்பக்கம் வழிகாட்டி கையெழுத்திடுவார்கள். கீழே பெயர், பதவி, துறை, கல்லூரி முகவரி வரும். அதில் வரும் தலைப்பு அட்டையில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கடைசி ரிவ்யூவில் தலைப்பில் ஒரு சொல்லை மாற்றிவிட்டு, சான்றிதழில் பழையதை அப்படியே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. கையெழுத்து வாங்கிய பிறகு அது கண்ணில் பட்டால், மறுபடி அச்சடித்து இரண்டு பேரையும் தேடிப் போக வேண்டியதுதான்.

உறுதிமொழியில் பேசுவது மாணவர். இது என் சொந்த வேலை, வேறு பட்டத்துக்காக இதைக் கொடுக்கவில்லை என்பதே சாரம். குழுவாகச் செய்திருந்தால் எல்லாரும் கையெழுத்திட வேண்டும். நன்றியுரையை ஒரு பக்கத்துக்குள் முடித்துவிடுங்கள்.

இனி பக்க எண். முன்பக்கங்களுக்குச் சிறிய ரோமன் எண்கள். தலைப்புப் பக்கம் i என்று கணக்கில் வரும், ஆனால் அந்த எண்ணை அச்சிடக் கூடாது. சான்றிதழ் ii. உறுதிமொழியும் நன்றியுரையும் இல்லையென்றால் சுருக்கம் iii. அவை இரண்டையும் சேர்த்தால் உறுதிமொழி iii, நன்றியுரை iv, சுருக்கம் v என்று நகரும். பொருளடக்கத்தை முன்பே தட்டச்சு செய்துவிட்டவர்கள் அங்கே 'சுருக்கம் iii' என்றே விட்டுவிடுகிறார்கள். பொருளடக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். தலைப்புப் பக்கத்தையும் போனஃபைட் சான்றிதழையும் அந்தப் பட்டியலில் எழுதக் கூடாது. அவற்றுக்கு எண் மட்டும் உண்டு.

முதல் அத்தியாயத்தில் எண் 1-லிருந்து தொடங்க வேண்டும். வேர்டில் அதற்கு முன் `Next Page` செக்‌ஷன் பிரேக் போட்டு, `Link to Previous` தேர்வை நீக்கிவிட்டு, `Format Page Numbers` போய் `Number format`-இல் `1, 2, 3, …` என்பதைத் தேர்ந்து, `Start at` பெட்டியில் 1 கொடுங்கள். இதைச் செய்யாவிட்டால் ரோமன் எண்ணே அத்தியாயத்துக்குள்ளும் தொடரும்.