2/10, n/30: காசுக் கழிவுக்குள் இருக்கும் வட்டி

கொம்பனிப் பில்கள் சிலவற்றின் அடியில் 2/10, n/30 என்று ஒரு குறிப்பு இருக்கும். உயர்தரத்தில் கணக்கீடு படித்தவர்களுக்கு இது பழகிய குறி. மற்றவர்கள் பில் இலக்கம்போல ஏதோ ஒன்று என்று விட்டுவிடுவார்கள். பொருள் இவ்வளவுதான்: பில் திகதியிலிருந்து 10 நாளுக்குள் காசு கட்டினால் 2 சதவீதம் கழித்துக்கொள்ளலாம். கழிவு வேண்டாம் என்றால் 30 நாளுக்குள் முழுத்தொகையையும் கட்டவேண்டும். n என்பது ‘நெட்’. சுத்தமான என்ற பொருளில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். கழிக்க ஒன்றுமில்லாத தொகை என்பது இங்கே கருத்து. நம்முடைய கணக்கீட்டுப் புத்தகங்களில் ‘தேறிய’ என்று வருவதும் இதுதான்.

‘டிஸ்கவுண்ட்’ என்ற சொல்லின் வேர் லத்தீன். எண்ணிக்கையிலிருந்து விலக்கிவிடுவது என்பது அதன் அடிப்படைப் பொருள். அந்த வகையில் எங்கள் ‘கழிவு’ அதற்கு மிகவும் நெருக்கமானது, கழித்தல் கணக்கிலிருந்து நேரே வருகிறது. தமிழ்நாட்டில் ‘தள்ளுபடி’ என்பார்கள். அங்கே கழிவு என்றால் குப்பையும் சாக்கடையும்தான் முதலில் நினைவுக்கு வரும். இங்கே தள்ளுபடி என்றால் வழக்கு தள்ளுபடியானதோ, விவசாயக் கடன் தள்ளுபடியானதோ என்று கேட்பார்கள். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் புடவைக்கடை வாசலில் ‘விலைக்கழிவு’ என்று எழுதினால் யாரும் மூக்கைப் பொத்தமாட்டார்கள். ஆகவே இங்கே எழுதும்போது கழிவு என்றே எழுதலாம்.

ஆனால் எந்தக் கழிவு? பாடப்புத்தகம் இரண்டைப் பிரிக்கிறது. மொத்தமாக வாங்குவதற்கும் நாட்பட்ட வாடிக்கைக்கும் விலையிலேயே குறைத்துத் தருவது வியாபாரக் கழிவு. அது பில் போடும்போதே கழிந்துவிடும், பேரேட்டுக்கு வராது. குறித்த நாளுக்குள் கட்டியதற்காகக் கழிப்பது காசுக் கழிவு. அது விற்றவர் புத்தகத்தில் ‘கொடுத்த கழிவு’, வாங்கியவர் புத்தகத்தில் ‘பெற்ற கழிவு’. இந்தக் ‘காசு’ என்ற முன்னொட்டுத்தான் சிலரைக் குழப்புகிறது. கையில் நோட்டாகக் கொடுத்தால் மட்டும் கிடைப்பது என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. காசோலையாகவும் கொடுக்கலாம், வங்கியில் மாற்றியும் விடலாம். கொம்பனிக்குக் காசு எந்த நாளில் போய்ச் சேருகிறது என்பதுதான் கேள்வி. பத்தாம் நாள் கொடுக்கும் காசோலையில் முப்பதாம் நாளின் திகதி இருந்தால் அது முந்திக் கட்டியதாகாது.

சரி, இந்த 2 சதவீதம் பெரிதா சிறிதா? ஒரு கணக்கைப் பார்ப்போம். புதுக்குடியிருப்பில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு மார்ச் 1 திகதியிட்டு 250,000 ரூபாவுக்குப் பில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நிபந்தனை 2/10, n/30. மார்ச் 11க்குள் கட்டினால் 5,000 ரூபா கழியும், 245,000 கட்டினால் போதும். விட்டால் மார்ச் 31க்குள் 250,000.

இதில் முதல் பத்து நாளும் இலவசம். மார்ச் 2இல் கட்டினாலும் 11இல் கட்டினாலும் அதே 245,000தான். ஆகவே பொருளின் உண்மையான விலை 245,000. மார்ச் 11இலிருந்து 31 வரையான 20 நாளுக்கு அந்த 245,000 ரூபாவைக் கொம்பனி இவருக்குக் கடனாக விடுகிறது, அதற்கு 5,000 ரூபா வட்டி வாங்குகிறது. கழிவு என்ற பெயரில் பில்லில் நிற்பது இந்த வட்டிதான். ஆண்டுக் கணக்குக்கு மாற்றும் வழி இது:

```
(2 / 98) × (365 / 20) = 0.372
```

அதாவது வருடத்துக்கு ஏறத்தாழ 37 சதவீதம். 100ஆல் பிரிக்காமல் 98ஆல் பிரிப்பதற்குக் காரணம், இவர் கையில் வைத்திருப்பது 98 ரூபாதான், 100 அல்ல. 20 என்பது 30இலிருந்து 10ஐக் கழித்த நாட்கள். பில் பில்லாக இப்படியே கழிவை விட்டுக்கொண்டு வந்து, வட்டிக்கு வட்டியும் சேர்த்துப் பார்த்தால் 44 சதவீதத்தைத் தாண்டும். முடிவெடுக்க முதல் கணக்கே போதும்.

வன்னியில் இது பிடிபடாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. வங்கி தன் வட்டியை வருடத்துக்குச் சொல்கிறது. ஊரில் கடன் கொடுப்பவர் மாதத்துக்குச் சொல்கிறார்: ‘ரெண்டு வட்டி’ என்றால் நூறு ரூபாவுக்கு மாதம் இரண்டு ரூபா. கொம்பனியோ ஒரு பில்லுக்குச் சொல்கிறது. அதனால் பில்லில் 2 என்று கண்டதும் ‘ரெண்டு வட்டிதானே, பரவாயில்லை’ என்று மனம் தானாகவே சொல்லிவிடும். ஆனால் அந்த இரண்டு ரூபா மாதத்துக்கு அல்ல, 20 நாளுக்கு. முப்பது நாளுக்குப் பெருக்கிப் பார்த்தால் நூற்றுக்கு 3 ரூபாவும் சில சதமும். அதாவது கழிவை விடுகிறவர் மூன்று வட்டிக்குக் கடன் வாங்குகிறார். வருடக் கணக்கு தலையில் ஏறாதவர்களுக்கு இப்படிச் சொன்னால் உடனே விளங்கும்.

கையில் காசு இல்லையென்றால் வெளியே கடன் எடுத்தாவது முந்திக் கட்டலாமா? வங்கியில் மேலதிகப் பற்று வசதி இருந்து, அதன் வட்டி வருடத்துக்கு 16 சதவீதம் என்று வைத்தால், 245,000 ரூபாவுக்கு 20 நாள் வட்டி 2,150 ரூபா அளவில் வரும். 5,000 கழிவில் அது போக 2,850 மிஞ்சும். தயங்காமல் கட்டலாம். நகையை இரண்டு வட்டிக்கு அடகு வைத்தால்? நாள் கணக்கில் வட்டி எடுக்கும் இடமென்றால் 3,270 ரூபா அளவில் போகும், இன்னமும் லாபம்தான். ஆனால் மாதத்தில் ஒரு பகுதியே என்றாலும் முழு மாத வட்டி பிடிக்கும் அடகுகடையென்றால் 4,900 ரூபா போய்விடும். மிஞ்சுவது நூறு ரூபா. அதற்காகத் தாலிக்கொடியைக் கொண்டுபோய் வைக்கவேண்டுமா என்பதை வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முந்திக் கட்டுவதற்கென்று தீர்மானித்தவர் மார்ச் 11ஐ விடக்கூடாது. ஒரு நாள் தவறி மார்ச் 12இல் 250,000 கட்டினால், ஒரேயொரு நாள் கடனுக்கு 5,000 வட்டி கொடுத்ததாகிறது. ஆண்டுக் கணக்கில் அது 745 சதவீதம்! 16ஆம் திகதி கட்டினால் 149 சதவீதம். பத்தாம் நாள் தவறிவிட்டால் ‘எப்படியும் கெதியாகக் கட்டிவிடுவோம்’ என்று ஓடுவதில் பயனில்லை. 5,000 ரூபா போனது போனதுதான், மார்ச் 31 வரை காசைக் கடையில் சுழலவிடலாம். பில் திகதியையும் பார்க்கவேண்டும். கொழும்பில் 1ஆம் திகதி பில் போட்டு, லொறி ஏ9 வழியாக 4ஆம் திகதி வந்து இறக்கினால், சாமான் இறங்கிய நாளிலிருந்து எண்ணுகிறவருக்குக் கணக்கு மூன்று நாள் பிசகும். எண்ணிக்கை பில் திகதியிலிருந்தா, சாமான் கிடைத்த நாளிலிருந்தா என்பதை விற்பனைப் பிரதிநிதியிடம் முதலிலேயே கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

இந்த 37 சதவீதம், முப்பதாம் நாள் உண்மையிலேயே காசு கட்டுகிறவருக்குத்தான் பொருந்தும். இங்கே பலபேருக்கு அப்படி நடப்பதில்லை. ‘முப்பது நாள்’ என்று பில்லில் இருக்கும், காசு நாற்பத்தைந்தாம் நாள்தான் போகும், கொம்பனியும் முகம் சுளித்துக்கொண்டு வாங்கிக்கொள்ளும். அப்போது கடன் 20 நாளுக்கல்ல, 35 நாளுக்கு. வட்டியும் 21 சதவீதமாக இறங்கிவிடும். உரம், கிருமிநாசினிக் கடைகளில் நிலைமை இன்னும் வேறு. காலபோக விதைப்புக்குக் கமக்காரர் கடனாகக் கொண்டுபோனது அறுவடைக்குப் பிறகுதான் காசாகத் திரும்பும். கொம்பனியும் அதற்கேற்ப நான்கு மாதம் தவணை விட்டால், அதே 2 சதவீதக் கழிவு வருடத்துக்கு 7 சதவீதம்கூட வராது. அதைப் பிடிக்க வங்கியில் 16 சதவீதத்துக்குக் கடன் எடுப்பது நஷ்டக் கணக்கு. ஆகவே சூத்திரத்தில் 30 என்ற இடத்தில் பில்லில் உள்ள நாளைப் போடாமல், நீங்கள் வழமையாகக் கட்டும் நாளைப் போட்டுப் பாருங்கள். தவணையைத் தாண்டித் தாண்டிக் கட்டினால் அடுத்த முறை கடனுக்குச் சாமான் தராமல் விடுவார்கள் என்பது வேறு கதை, அது எந்தச் சூத்திரத்திலும் வராது.

விற்கிறவர் பக்கம் பார்த்தால், 2/10 கொடுக்கிறவர் 20 நாள் முந்திக் காசைக் காண்பதற்காக வருடத்துக்கு 37 சதவீதம் செலவழிக்கிறார். வங்கி 16க்குத் தர ஆயத்தமாயிருந்தால் இது வீண் செலவு. வங்கி தராது என்ற நிலையிலோ, பின்னுக்கு விட்டால் காசு வராமலே போய்விடும் என்ற பயத்திலோ கொடுத்தால் நியாயம் உண்டு. கிளிநொச்சியில் அரிசி ஆலை வைத்திருப்பவர் நெல் வாங்கும் காலத்தில் கைக்காசுக்குத் திண்டாடும்போது கடைக்காரருக்கு இப்படிக் கழிவு கொடுப்பதை அப்படித்தான் பார்க்கவேண்டும். அவருக்கு வரும் பெரிய தலையிடி வேறு: இருபதாம் நாள் கட்டிவிட்டும் 2 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளும் வாடிக்கையாளர். ஒருமுறை ‘போகட்டும்’ என்று விட்டால் நிபந்தனை 2/20 ஆகிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அது வெறும் விலைக்குறைப்புத்தான். சில கொம்பனிகள் இந்தக் கழிவை எதிர்பார்த்து விலையை முதலிலேயே ஏற்றிவைப்பதும் உண்டு. அதே சாமானை இன்னொரு கொம்பனி 245,000க்கே 30 நாள் தவணையில் தருமென்றால், முதல் கொம்பனியின் கழிவில் சலுகை ஒன்றும் இல்லை.

தமிழில் இதை எப்படி எழுதுவது என்று கேட்டால், புத்தகக் கணக்கில் ‘காசுக் கழிவு’ இருக்கட்டும், பரீட்சையிலும் அதுதான் செல்லும். ‘முன்தீர்ப்புக் கழிவு’ என்று ஆக்கலாம், ஆனால் நீதிமன்ற வாசனை அடிக்கிறது. ‘முற்கொடுப்பனவுக் கழிவு’ என்றால் சாமான் வரமுன்னமே கட்டும் முற்பணமோ என்று நினைக்கவைக்கும். எனக்கு ‘தவணை முந்திய கழிவு’ பிடிக்கிறது, எதற்கு என்பது பெயரிலேயே தெரிகிறது. பில்லில் அச்சடிப்பதென்றால் பெயரே தேவையில்லை. ‘பில் திகதியிலிருந்து 10 நாளுக்குள் காசு எங்கள் கணக்கில் சேர்ந்தால் 2 சதவீதம் கழிவு, இல்லையேல் 30 நாளுக்குள் முழுத்தொகை’ என்று ஒரு வரி போதும். பத்தாம் நாள் ஞாயிறோ போயாவோ வந்தால் அடுத்த வேலைநாள் செல்லுமா என்பதையும் அதற்குக் கீழே போட்டுவிட்டால், மாதக் கடைசியில் தொலைபேசியில் நடக்கும் வாக்குவாதத்தில் பாதி குறையும்.