புதுக் கெட்டில்: வாசனைக்கு இரண்டு நாள் தரலாம், அடியில் கசிவுக்கு ஒரு நாளும் கூடாது

போன மாதம் ஒரு அம்மா துணிப்பையில் கெட்டிலைக் கொண்டுவந்து கடை மேசையில் வைத்தார். ஒன்றரை லிட்டர், ஸ்டீல் உடம்பு, ஆன்லைனில் 900 ரூபாய் சொச்சத்துக்கு வாங்கியது. வாங்கிப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கவிழ்த்துப் பார்த்தேன். அடிவிளிம்பு முழுக்க வெள்ளையாக எபாக்சி பசை பூசியிருந்தது. அதையும் மீறி ஒரு பக்கம் ஈரம்.

நடந்ததைக் கேட்டேன். முதல் நாள் கொதிக்க வைத்தபோது பிளாஸ்டிக் வாடை. விற்றவரிடம் கேட்டதற்கு, "புதுசு அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிடும்" என்றிருக்கிறார். சொன்னபடியே நாலு நாளில் வாடை போய்விட்டது. ஐந்தாம் நாள் கெட்டிலுக்கு அடியில் நாலைந்து சொட்டுத் தண்ணீர். அதுவும் புதுசுக்கு உரியதுதான், போகப் போக நின்றுவிடும் என்று இவர் நினைத்துவிட்டார். எட்டாம் நாள் அக்கா மகன் பசை பூசிக் கொடுத்தான். பத்து நாள் ரிட்டர்ன் கெடு முடிவதற்குள் கேட்டும் கம்பெனி எடுக்கவில்லை, பசை பூசியதால் வாரண்டி போச்சு என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டு மின்சாதனங்கள் பழுது பார்ப்பவன் நான். இந்தக் கதை ஆள் மாறி ஆள் மாறி என் கடைக்கு வந்துகொண்டே இருக்கிறது. வாடையையும் கசிவையும் ஒரே தராசில் வைப்பதுதான் இதில் நடக்கும் தவறு. வாடைக்குக் கொஞ்சம் பொறுமை காட்டலாம். கசிவுக்கு அப்படிக் காட்டக் கூடாது.

முதலில் வாடையைப் பார்ப்போம். புதுக் கெட்டிலின் மூடி, கைப்பிடி, தண்ணீர் அளவு தெரியும் ஜன்னல், உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் எல்லாம் வார்ப்பில் செய்தவை. அவற்றில் ஒட்டியிருக்கும் மிச்சங்கள் முதல் சில கொதிப்பில் ஆவியோடு வெளியேறும். ஸ்டீலை அழுத்தி வடிவமைக்கும்போது பட்ட எண்ணெயும் கொஞ்சம் இருக்கும். அதனால் நல்ல கெட்டிலிலும் முதல் நாள் வாடை வரலாம். ஆனால் ஒவ்வொரு கொதிப்புக்கும் அது குறைந்துகொண்டே வர வேண்டும்.

கெட்டிலின் உள்ளே மட்டும் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டுக் கழுவி, மேக்ஸ் கோடு வரை தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வையுங்கள். பத்து நிமிடம் விட்டுக் கொட்டிவிடுங்கள். இப்படி மூன்று முறை. இரவு மூடியைத் திறந்தே வையுங்கள். மூடி வைத்தால் உள்ளேயே அடைபட்டு, காலையில் திறக்கும்போது வாடை இன்னும் பலமாக அடித்து உங்களைக் குழப்பும். மறுநாள் அரை ஸ்பூன் சமையல் சோடா போட்டு ஒருமுறை கொதிக்க வைத்து, ஒரு மணி நேரம் கழித்துக் கொட்டி, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள்.

அப்புறம் பரிசோதனை. கெட்டிலை முகர்ந்து பார்ப்பதில் பயன் இல்லை, நாம் குடிப்பது தண்ணீரைத்தான். கெட்டிலில் கொதித்த தண்ணீர் ஒரு டம்ளர், அதே தண்ணீரை ஸ்டீல் பாத்திரத்தில் அடுப்பில் கொதிக்க வைத்து ஒரு டம்ளர். இரண்டும் ஆறியபின் எது எது என்று சொல்லாமல் வீட்டில் வேறொருவரை முகர்ந்து, ஒரு வாய் குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவரால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை என்றால் கெட்டில் தேறிவிட்டது. இரண்டு நாள் முடிந்தும், ஐந்தாறு கொதிப்புக்குப் பிறகும், கெட்டில் தண்ணீரைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுகிறார் என்றால் திருப்பி அனுப்புங்கள். ஒரு மாதம் காத்திருந்தால் வாடை போனாலும் போகும், ஆனால் கெடு நிச்சயம் போய்விடும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சிலர் பிளாஸ்டிக் வாடை என்று சொல்வதைக் கிளறிக் கேட்டால் மருந்து வாடை, ஆஸ்பத்திரி வாடை என்பார்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின், சில பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் இருந்து வரும் பொருளோடு சேரும்போது அப்படி ஒரு ருசி வரும். ஒருமுறை ஆர்.ஓ. தண்ணீரையோ கேன் தண்ணீரையோ ஊற்றிக் கொதிக்க வைத்துப் பாருங்கள். வாடை இல்லை என்றால் குளோரினும் இதில் கூட்டு. குழாய்த் தண்ணீரை முதல் நாளே பிடித்துத் திறந்து வைத்துப் பயன்படுத்துவதா, கெட்டிலை மாற்றுவதா என்பது உங்கள் முடிவு.

கருகிய வாடையோ மீன் நாற்றம் போன்ற வாடையோ அடிப்பக்கத்திலிருந்தோ பிளக்கிலிருந்தோ வந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. மின் இணைப்பு அளவுக்கு மீறிச் சூடாகி, அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் வேகிறது என்று அர்த்தம். சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். பழைய சாக்கெட் லூசாக இருந்தாலும் இது நடக்கும், அதையும் எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி கசிவு. அந்த அம்மாவின் கெட்டில் அடியைத் திறந்து அவருக்கே காட்டினேன். ஸ்டீல் உடம்புக்கும் சூடேற்றும் தட்டுக்கும் நடுவே ஒரு சிலிக்கான் வளையம் இருக்கிறது. பொருத்தும்போதே ஓரிடத்தில் அது மடங்கி உட்கார்ந்திருந்தது. அந்த மடிப்பிலிருந்து உப்புப் படிந்த வெள்ளைக் கோடு ஒன்று கீழே இறங்கி, நேராகப் பித்தளை முனையில் முடிந்தது. முனை பச்சை பூத்திருந்தது. பக்கத்தில் ஒரு கருப்புப் புள்ளி, அங்கே ஏற்கெனவே பொறி பறந்திருக்கிறது. 230 வோல்ட் ஓடும் அந்த முனைக்கும் தண்ணீருக்கும் இடையே அரை விரல்கடை தூரம்கூட இல்லை. 1500 வாட் கெட்டில் என்றால் ஆறரை ஆம்பியர் அந்த வழியாகத்தான் போகிறது. ஈரம் பட்ட இடத்திலிருந்து மின்சாரம் ஸ்டீல் உடம்புக்கு ஏறினால் எர்த் வயர் இழுத்துக்கொள்ளும். மூன்று துளை சாக்கெட் இருந்தும் பின்னால் எர்த் வயரே இணைக்காத வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே அந்த மின்சாரம் கெட்டிலைத் தொடும் கைக்காகக் காத்திருக்கும். கெட்டிலைப் போட்டதும், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. டிரிப் ஆனால், அதன் சுவிட்சைத் திரும்பத் தூக்கிவிட்டுச் சோதிக்காதீர்கள்.

அதற்காக அடியில் பார்க்கும் எல்லா ஈரமும் கசிவு இல்லை. குழாயடியில் கெட்டிலைக் கவிழ்த்துக் கழுவினால் அடிப்பகுதிக்குள் தண்ணீர் புகுந்து மணிக்கணக்கில் சொட்டும். ஐஸ் தண்ணீர் ஊற்றினால் வெளிச்சுவர் வியர்க்கும். மேக்ஸ் கோட்டைத் தாண்டி ஊற்றினால் மூக்கு வழியே பொங்கி வழிந்து அடியில் சேரும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. கொதித்ததும் தானாக அணைய வேண்டும் என்பதற்காக, நிறைய மாடல்களில் மேலிருந்து அடியிலுள்ள சுவிட்ச் வரை நீராவி இறங்க ஒரு வழி வைத்திருப்பார்கள். அந்த ஆவி குளிர்ந்து கைப்பிடிப் பக்கத்து ஓட்டை வழியே ஒன்றிரண்டு சொட்டாக வரும். அது அந்த மாடலின் அமைப்பு. கெட்டிலில் நூடுல்ஸும் பாலும் காய்ச்சினால் அந்த வழியில் நுரை புகுந்து அடைத்துக்கொள்ளும், அது வேறு தொல்லை.

ஆகவே எது கசிவு, எது இல்லை என்று வீட்டிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம். பிளக்கைக் கழற்றி, கெட்டிலின் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, அரை நாள் காயவிடுங்கள். கீழ்த்தட்டில் வைக்காமல், மேசையில் விரித்த செய்தித்தாள் மேல் வைத்துப் பாதி வரை சாதாரணத் தண்ணீர் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். தாள் நனைந்திருந்தால் கசிவு உறுதி, மேற்கொண்டு சோதிக்க வேண்டியதில்லை, மின்சாரம் கொடுக்கவும் வேண்டாம். தாள் காய்ந்திருந்தால் மேக்ஸ் வரை ஊற்றி இன்னொரு அரை மணி நேரம். பாதியில் காய்ந்திருந்து நிறைத்தபின் நனைந்தால் பெரும்பாலும் அளவு ஜன்னலின் ஓரம்தான் கசிகிறது. பாதி மட்டும் ஊற்றிக்கொண்டால் போதுமே என்று சமாதானம் செய்துகொள்ளாதீர்கள், அதுவும் திருப்ப வேண்டியதுதான்.

இரண்டிலும் தாள் காய்ந்தே இருந்தால், பாதித் தண்ணீரில் ஒரு சிட்டிகை கேசரி பவுடர் கலந்து மூடியை அழுத்தி மூடிக் கொதிக்க வையுங்கள். கொதித்து அணைந்ததும் பிளக்கைக் கழற்றி, கெட்டிலைப் புதுத் தாளில் வைத்துக் கால் மணி நேரம் விடுங்கள். சில வளையங்கள் குளிரில் அடங்கி, சூட்டில்தான் வாய் திறக்கும். நீராவி நிறத்தைத் தூக்கி வராது. தாளில் நிறமில்லாத ஒன்றிரண்டு சொட்டு என்றால் ஆவி நீர். ஆரஞ்சுக் கறை என்றால் உள்ளே இருந்த தண்ணீரே வந்திருக்கிறது. முடிந்ததும் உடனே அலசிவிடுங்கள், ஜன்னலில் சாயம் பிடிக்காமல் இருக்கும்.

கசிவு உறுதியானால் அன்றைக்கே திருப்பக் கேளுங்கள். காய்ந்த தாளில் தொடங்கி நனைந்த தாள் வரை ஒரே வீடியோவாக எடுங்கள், அடியில் ஒட்டியுள்ள சீரியல் நம்பரும் அதில் தெரிய வேண்டும். திருகைக் கழற்றாதீர்கள், பசை பூசாதீர்கள். கெட்டிலைக் காயவைத்து, கீழ்த்தட்டு, பெட்டி, பில் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

"சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்க" என்று சிலர் தட்டிக்கழிப்பார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள் திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள். கடையில் வாங்கியதற்கும் இது பொருந்தும், அதனால் பில் இல்லாமல் வாங்காதீர்கள். ஆன்லைன் விற்பனைக்கு 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும் இதையே சொல்கின்றன. எழுத்தில் கேட்டும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் புகார் பதியுங்கள்.

அந்த அம்மா வேறு கெட்டில் வாங்கிவிட்டார். போன வாரம் கடைக்கு வந்தபோது, பெட்டியைப் பிரித்ததும் கொதிக்க வைப்பதற்கு முன்பே செய்தித்தாளில் அரை மணி நேரம் நிறுத்தி வைத்துப் பார்த்ததாகச் சொன்னார். தாள் காய்ந்தே இருந்ததாம்.