வானத்தை மாற்றிய பிறகு கட்டடத்துக்கு எந்த நிறம்?

மேகமூட்டமான நாளில் எடுத்த கட்டடப் படத்திலிருந்து வெளுத்த வானத்தை நீக்கி, அந்திவானத்தைப் பொருத்துவது இன்று சில நிமிட வேலை. திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வரும் படங்களில் வானம் பெரும்பாலும் நன்றாகவே பொருத்தப்பட்டிருக்கும். கெட்டுப்போயிருப்பது கட்டடம்தான். வானம் ஆரஞ்சு, எனவே கட்டடமும் ஆரஞ்சாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் முழுப் படத்தின் மேலும் ஒரே நிறத்தைப் பூசியிருப்பார்கள். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் எதுவோ ஒட்டவில்லை என்று கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

சூரியன் மறையும் திசையைக் கேமரா பார்க்கும்போது, நம்மை நோக்கி நிற்கும் சுவர்கள் சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்கின்றன. அந்தச் சுவர்களுக்கு வெளிச்சம் தருவது படத்தில் தெரியும் வானம் அன்று. படம் எடுப்பவருக்குப் பின்னால், படத்துக்கு வெளியே இருக்கும் கிழக்கு வானமே அதைத் தருகிறது. அந்த நேரத்தில் அது மங்கலான நீலமாக இருக்கும். ஆகவே சுவர் இருண்டு, சற்றே நீலம் கலந்து தெரிய வேண்டும். ஆரஞ்சு ஒளிக்கு இடம் உண்டு: கூரையின் விளிம்பில், சூரியனை நோக்கித் திரும்பிய பக்கச் சுவரில், ஈரமான தரையில். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி வேலைகள் எல்லாம் தாமாகவே வரிசைக்கு வந்துவிடும்.

எடுத்துக்காட்டாக ஒரு படத்தைக் கொள்வோம். தெருவின் முனையிலிருந்து மேற்கு நோக்கி எடுத்தது. முன்னால் ஒரு கான்கிரீட் கட்டடம், அதையடுத்து வெள்ளைச் சுவர் வீடு, பிறகு செங்கல் கட்டடம், தெருவோரம் ஒரு மரம். தூரத்தில் இன்னும் சில கட்டடங்கள். வானம் ஒரே வெளுப்பு.

முதலில் எந்த அந்திவானத்தை எடுப்பது? மேகமூட்ட வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வருவதால் இந்தப் படத்தில் நிழலே இல்லை. பால்கனிக்குக் கீழும் கூர்மையான நிழல் கிடையாது. எனவே சூரிய வட்டம் பளிச்சென்று தெரியும் வானத்தை இங்கே வைக்க முடியாது. அப்படி வைத்தால் தரையில் நீண்ட நிழல்கள் எங்கே என்ற கேள்வி எழும். சூரியன் மேகத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் வானம், அல்லது அப்போதுதான் அடிவானத்துக்குக் கீழே இறங்கிய வானம், இவை இரண்டும்தான் பொருந்தும். அடிவானக் கோடும் சரியாக அமைய வேண்டும். படத்தில் தெருவின் இணைகோடுகள் தூரத்தில் சென்று சேரும் உயரமே அடிவானத்தின் உயரம். அழகான ஆரஞ்சுப் பட்டை கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறதே என்று வானத்தை மேலே இழுத்தால், உச்சிக்குப் பக்கத்தில் அந்தி தோன்றும். அப்படி ஒரு வானம் எங்கும் இல்லை.

வெட்டும் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டடங்களின் நேர்க்கோட்டு விளிம்புகளுக்கு ஃபோட்டோஷாப்பின் பென் டூல் போதும். அதைக் கொண்டு புதிய வானத்துக்குப் போட்ட மாஸ்க்கை ஒரு பிக்சல் வானத்தின் பக்கமாகச் சுருக்கினால் சுவரும் வானமும் கலந்த விளிம்புப் பிக்சல்கள் மூடப்படாமல் வெள்ளைக் கோடாக நிற்கும். சுவரின் பக்கமாக ஒரு பிக்சல் நகர்த்தி, மிக இலேசாக மென்மையாக்கினால் அந்தக் கோடு மறைந்துவிடும். மரத்துக்கு மட்டும் வேறு வழி. இலைகளை ஒவ்வொன்றாக வெட்ட முயலாதீர்கள். மரம் இருக்கும் பகுதியில் அந்திவானத்தின் இன்னொரு பிரதியை வைத்து, அந்த லேயரை Multiply முறைக்கு மாற்றுங்கள். வெள்ளையின் மேல் எதைப் பெருக்கினாலும் அதுவே கிடைக்கும் என்பதால், வெளுத்த வானம் இருந்த இடைவெளிகளில் புதிய வானம் தானாக நிரம்பும். கருத்த இலைகள் இன்னும் கொஞ்சம் கருக்கும். பின்னாலிருந்து ஒளி வரும் மரத்துக்கு அது சரியான தோற்றமே. பழைய வானம் தூய வெள்ளையான 255இல் இல்லாமல் 236 அளவில் நின்றால், Curves கொண்டு அந்தப் பகுதியை மட்டும் முன்கூட்டியே வெள்ளைக்கு உயர்த்திவிடுங்கள். மின்கம்பிகளுக்கும் இதே வழி உதவும்.

இனி நிறம். மேகமூட்ட ஒளி நீலம் சார்ந்தது. கேமரா அதைப் பாதி சரிசெய்து, மீதியைப் படத்தில் விட்டுவைக்கும். நம் படத்தில் கான்கிரீட் சுவரை ஐட்ராப்பரால் தொட்டுப் பார்க்கிறேன். ஒரு பிக்சலை மட்டும் எடுக்காமல் 11 by 11 Average என்று வைத்துக்கொண்டு. சிவப்பு 138, பச்சை 146, நீலம் 157 என்று வருகிறது. சாம்பல் நிறமாக இருக்க வேண்டிய பரப்பு இவ்வளவு நீலம் ஏந்தியிருக்கிறது. இதன் மேல் நேரடியாக ஆரஞ்சைப் பூசுவதுதான் பெரும்பாலோர் செய்வது. ஆரஞ்சும் நீலமும் ஒன்றையொன்று தின்றுவிடும் நிறங்கள். முதலில் பூசியது காணாமல் போகும். போதவில்லை என்று மேலும் பூசினால் வெளிச்சப் பகுதிகளில் சிவப்பு 255ஐத் தொட்டு நின்றுவிடும், நிழல் பகுதிகள் சேற்று நிறமாகும், வெள்ளைச் சுவர் இளஞ்சிவப்பாகிவிடும். பழைய சாயலை நீக்கிவிட்டுத்தான் புதிய சாயலைத் தர வேண்டும்.

நீக்குவதற்கு ஒரு Curves லேயர் போதும். சிவப்புச் சானலில் 138ஐ 146க்கு உயர்த்துகிறேன், நீலத்தில் 157ஐ 146க்கு இறக்குகிறேன். கான்கிரீட் இப்போது மூன்று சானலிலும் 146. இங்கே ஒரு எச்சரிக்கை. மரத்தின் அருகில் இருக்கும் வெள்ளைச் சுவரைத் தொட்டுப் பார்த்தால் பச்சை தனியாக உயர்ந்திருக்கும், ஏனென்றால் இலைகளில் பட்டுத் திரும்பும் ஒளி அந்தச் சுவரில் விழுகிறது. அதே போல வெள்ளை வீட்டின் ஒரு பக்கத்தில் செங்கல் கட்டடத்தின் சிவப்பு படிந்திருக்கும். இவற்றை ஒரே கர்வ் நீக்காது. பச்சை படிந்த இடத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு, தனியாக இன்னொரு திருத்தம் செய்ய வேண்டும். செங்கல்லின் சிவப்பை நான் பெரும்பாலும் விட்டுவிடுவேன். அந்தச் சுவர் எந்த ஒளியிலும் பக்கத்துச் சுவரின் நிறத்தை ஏற்கத்தான் போகிறது. தானியங்கி நிறத் திருத்தம் செங்கல்லையே சாயலாக எண்ணி அதன் நிறத்தை உறிஞ்சிவிடும் என்பதால் அதை இந்த வேலையில் நான் நம்புவதில்லை.

சாயல் போனதும் அடுத்தது வெளிச்ச அளவு. நிறத்தைவிடப் படத்தைக் காட்டிக்கொடுப்பது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. வெள்ளைச் சுவர் இப்போது 205. புதிய வானத்தின் மிகப் பிரகாசமான பகுதி 250. உண்மையான அந்தியில் ஒளிக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் சுவர் வானத்துக்கு இவ்வளவு அருகில் வரவே வராது. கான்கிரீட்டை 146இலிருந்து 95க்கு இறக்குகிறேன். அதே அளவு இருட்டில் வெள்ளைச் சுவர் 135 வாக்கில் வந்து நிற்கும். கேமரா கணக்கில் இது ஒன்றே கால் ஸ்டாப்புக்குச் சற்று மேல். உண்மையில் வேறுபாடு இதைவிடவும் அதிகமாக இருக்கும். கட்டடத்தின் விவரம் தெரிய வேண்டும் என்பதால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். லேயரை Luminosity முறையில் வைத்தால் இருட்டும்போது நிறங்கள் தடித்துவிடாது. வெள்ளைச் சுவர் சாம்பலாகிவிட்டதே என்று பலர் பயந்து பின்வாங்கும் இடம் இது. சற்றுப் பொறுத்துப் பாருங்கள். சுவர் இறங்கியதும் வானம் ஒளிரத் தொடங்கும்.

பிறகுதான் புதிய நிறம். நம்மை நோக்கிய சுவர்களுக்கு மிக இலேசான நீலம்: கான்கிரீட் 92, 93, 101 என்ற அளவில் இருந்தால் போதும். சாய்வாகத் தெரியும் பக்கச் சுவர்கள் மேற்கு வானத்தின் ஒரு பகுதியைப் பார்க்கின்றன. அவற்றுக்கும் கூரை விளிம்புகளுக்கும் புதிய வானத்தின் அடிவானத்திலிருந்தே எடுத்த ஆரஞ்சை, அடர்த்தி குறைந்த பிரஷ்ஷால், Soft Light லேயரில் மெல்லத் தருகிறேன். கையால் ஓர் ஆரஞ்சைத் தேர்ந்தெடுக்காமல் அந்த வானத்திலிருந்தே எடுப்பது முக்கியம். தூரத்துக் கட்டடங்களுக்கு நேர்மாறான விதி. இடையில் இருக்கும் காற்றும் தூசும் அடிவானத்தின் நிறத்தை ஏற்பதால், அவை வெளுத்துச் சூடாக வேண்டும். அதே அடிவான நிறத்தை 10 முதல் 20 சதவீத அடர்த்தியில், தூரத்துக்கேற்பக் கூடும்படி கிரேடியன்ட் மாஸ்க்கோடு வைத்தால் போதும். முன்னால் இருப்பது இருண்டு குளிர்ந்தும், பின்னால் இருப்பது வெளுத்துச் சூடாகவும் மாறியதும் படத்துக்கு ஆழம் வந்துவிடும்.

ஜன்னல் கண்ணாடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அனுபவமுள்ளவர்களும் இதில் தவறுகிறார்கள். நேராக நம்மைப் பார்க்கும் கண்ணாடி நமக்குப் பின்னால் உள்ள வானத்தையே பிரதிபலிக்கும். அதில் ஆரஞ்சு மேகத்தை ஒட்டினால் இரண்டு திசைகளில் சூரியன் மறைவதாக ஆகிவிடும். மேகமூட்ட நாளின் வெள்ளைப் பிரதிபலிப்பை அப்படியே விடுவதும் தவறு. அதை மங்கிய நீலத்துக்கு இறக்க வேண்டும். பக்கச் சுவரின் கண்ணாடிகள் சாய்ந்த கோணத்தில் முன்னால் உள்ள வானத்தைக் காட்டும், அங்கே ஆரஞ்சு சரி. ஈரத் தரையும் தேங்கிய நீரும் முன்னால் உள்ள வானத்தைத்தான் காட்டும். எனவே புதிய வானத்தைத் தலைகீழாகத் திருப்பி அங்கே இலேசாகச் சேர்க்க வேண்டும். நிறுத்திவைத்த கார்களின் கூரைகள் அடிக்கடி மறந்துபோகும் இடம். மேல்வானத்தைப் பிரதிபலிக்கும் அந்தப் பரப்புகள் வெள்ளையாகவே பளபளத்துக்கொண்டிருக்கும்.

முடித்த படத்தைச் சோதிக்க, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Hue/Saturation லேயரை வைத்து Saturation அளவை 60 வரை ஏற்றிப் பாருங்கள். மறைந்திருந்த பச்சைத் திட்டு, விளிம்பில் எஞ்சிய நீலக் கோடு, ஆரஞ்சு தவறி விழுந்த சுவர் எல்லாம் வெளியே வரும். பிறகு அதை முழுவதும் இறக்கிக் கருப்பு வெள்ளையில் பாருங்கள். நிறமில்லாதபோதும் ஒளி வானத்திலிருந்து வருவதாகத் தெரிந்தால் வெளிச்ச அளவு சரி. சுவர் வானத்தோடு போட்டியிட்டால் இன்னும் இறக்க வேண்டும். வானத்தின் மெல்லிய நிறமாற்றங்களில் பட்டைகள் தெரிந்தால் கோப்பு 8 பிட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த அளவு இழுப்புக்கு 16 பிட் தேவை.

இத்தனையும் சரியாக வந்த பிறகும் சில படங்களை நான் செய்து தருவதில்லை. செய்திக்கான படத்தில் வானத்தை மாற்றுவது, எவ்வளவு இயல்பாக இருந்தாலும், நடக்காததை நடந்ததாகக் காட்டுவதே. வீடு விற்பனை விளம்பரத்தில் திசையைக் கேட்டுக்கொள்கிறேன். கேமரா வடக்கையோ கிழக்கையோ பார்த்திருந்தால், அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் சூரியன் மறைவதைக் காட்டும் படம், மாலை வெயில் எந்த அறையில் விழும் என்பதில் வாங்குபவரை ஏமாற்றும். மேற்கு பார்த்த படமானால் செய்து தருகிறேன், வானம் மாற்றப்பட்டது என்று படத்தின் கீழ் ஒரு வரி போடச் சொல்லி.