மூன்று கேஜ்களும் காட்டாத திரிபு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிற்சாலையில் விரிசல் விட்ட எஃகுத் தாங்கியைப் பார்க்க அழைத்திருந்தார்கள். போவதற்கு முன்பே சோதனை அறிக்கை கைக்கு வந்துவிட்டது. விரிசல் விட்டது பழைய தாங்கி. அதே அளவில் செய்த புதிய தாங்கியில், அதே இடத்தில், மூன்று ஸ்ட்ரெயின் கேஜ்களை ஒட்டி அளந்திருந்தார்கள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இப்படி ஒரு வரி: "அதிகபட்சத் திரிபு 700. எந்த கேஜும் குறை எண் காட்டவில்லை. எனவே இவ்விடத்தில் எஃகு எந்தத் திசையிலும் சுருங்கவில்லை."

அளவீட்டில் பிழை இல்லை. ஆனால் அந்த வரியின் இரண்டு பாதிகளும் தவறு. திரிபு அளக்கும் வேலையில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு இதுதான் என்பதால், அந்த ஒரு கணக்கையே இங்கே முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். எண்களை மட்டும் முழு எண்களாகத் திருத்தியிருக்கிறேன்.

முதலில் கேஜ் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். எஃகின் மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, பென்சிலால் கோடு இழுத்து, அந்தக் கோட்டின் மேல் நகத்தளவு கம்பிச் சுருளை ஒட்டிக் கட்டைவிரலால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கிறோம். எஃகு நீண்டால் கம்பியும் நீளும், அதன் மின்தடை கூடும். 350 ஓம் கேஜில் 700 மைக்ரோஸ்ட்ரெயின், அதாவது பத்து லட்சத்தில் 700 பங்கு நீட்சி, மின்தடையை ஏறத்தாழ அரை ஓம்தான் கூட்டும். இவ்வளவு நுட்பமாக அளந்தாலும், கேஜ் தன் கம்பி ஓடும் திசையில் என்ன நீட்சி என்பதை மட்டுமே சொல்லும். பக்கத்துத் திசையில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

இதைக் கணிதமாக எழுதலாம். ஒரு புள்ளியில் மேற்பரப்பின் திரிபு முழுவதையும் ஒரு 2×2 சமச்சீர் அணி A தாங்குகிறது. x என்ற திசையில் ஒட்டிய கேஜ் காட்டும் எண் இது:

```
R(x) = (xᵀ A x) / (xᵀ x)
```

இதற்கு ராலே ஈவு என்று பெயர். சமச்சீர் அணிக்கு இந்த ஈவைப் பற்றிய அடிப்படை உண்மை ஒன்று உண்டு: x எல்லாத் திசைகளிலும் சுற்றி வரும்போது R(x) எட்டும் உச்சம்தான் A-யின் மிகப்பெரிய ஐகன் மதிப்பு, அது இறங்கும் அடிமட்டம்தான் மிகச்சிறிய ஐகன் மதிப்பு. உச்சமும் அடிமட்டமும் அந்தந்த ஐகன் திசைகளில் கிடைக்கின்றன. ஆகவே ஏதோ ஒரு திசையில் எடுத்த அளவு எதுவானாலும், அது மிகப்பெரிய மதிப்புக்குக் கீழ்வரம்பு, மிகச்சிறிய மதிப்புக்கு மேல்வரம்பு. அறிக்கை எழுதியவர் கீழ்வரம்பை உச்சமாகவும், மேல்வரம்பை அடிமட்டமாகவும் எடுத்துக்கொண்டுவிட்டார்.

இனி அவருடைய எண்கள். கிடைத்திசையில், அதாவது 0 பாகையில் 600. 45 பாகையில் 700. 90 பாகையில் 0. முதலும் கடைசியும் அணியின் மூலைவிட்ட உறுப்புகளாகவே அமர்ந்துவிடும், ஏனென்றால் x = (1, 0) என்று போட்டால் R(x) முதல் மூலைவிட்ட உறுப்பேதான். மீதமுள்ள உறுப்பு b. 45 பாகைக்கு x = (1, 1). அங்கே ஈவு (600 + 2b + 0)/2. கேஜ் காட்டியது 700. ஆகவே b = 400.

```
A = | 600  400 |
    | 400    0 |
```

ஐகன் மதிப்புகளின் கூட்டுத்தொகை 600 + 0 = 600. பெருக்குத்தொகை 600×0 − 400×400 = −160000. கூட்டினால் 600, பெருக்கினால் −160000 வரும் இரண்டு எண்கள் 800, −200. பெரியதற்கு உரிய திசை (2, 1). சரிபார்க்க அதையே ஈவில் போடலாம்: (600×4 + 2×400×2 + 0)/5 = 4000/5 = 800. அதற்குச் செங்குத்தான (1, −2) திசையில் (600 − 1600 + 0)/5 = −200.

அறிக்கை 700 என்றது; உண்மையில் 800. அறிக்கை எந்தத் திசையிலும் சுருங்கவில்லை என்றது. உண்மையில் ஒரு திசையில் எஃகு 200 மைக்ரோஸ்ட்ரெயின் சுருங்குகிறது. மூன்று கேஜ்களும் குறை எண் காட்டாதபோதே இது நடக்கிறது. (2, 1) என்ற திசை கிடைக்கோட்டிலிருந்து 26.6 பாகை சாய்ந்தது. இழுப்பு அதிகமாக உள்ள திசைக்குக் குறுக்காகத்தான் பொதுவாகக் களைப்பு விரிசல் ஓடும். அந்தப் பழைய தாங்கியில் சாயம் ஊறவைத்துப் பார்த்தபோது தெரிந்த சிவப்பு மயிரிழை, செங்குத்திலிருந்து ஏறத்தாழ அதே அளவு சாய்ந்திருந்தது. உள்ளே எந்தத் திசை அதிகம் இழுபடுகிறது என்பதை விரிசல் முன்பே எழுதி வைத்திருந்தது.

உச்சமும் அடிமட்டமும் ஏன் ஐகன் மதிப்புகளாகவே அமைகின்றன? சமச்சீர் அணியின் ஐகன் திசைகள் ஒன்றுக்கொன்று செங்குத்து. எந்தத் திசையையும் அவற்றின் கலவையாக எழுதலாம். உச்சத் திசையிலிருந்து φ கோணம் விலகிய கேஜில் வரும் எண்:

```
R = 800 cos²φ + (−200) sin²φ = 800 − 1000 sin²φ
```

cos²φ, sin²φ இரண்டும் குறை எண் ஆகாதவை, கூட்டினால் 1. அதாவது ஒவ்வோர் அளவும் 800-க்கும் −200-க்கும் இடையே எடுத்த எடைச் சராசரி. சராசரி தன் பெரிய உறுப்பைத் தாண்டாது, சிறிய உறுப்புக்குக் கீழே போகாது. நிரூபணம் இவ்வளவுதான். n×n அணிக்கும் இதே வரி பொருந்தும்; எடைகள் மட்டும் n ஆகும்.

இந்தச் சூத்திரம் வேலைக்கு உதவும் இன்னொன்றையும் சொல்கிறது. உச்சத் திசையில் ஒட்டவேண்டிய கேஜ் 5 பாகை தவறிப் போனால் இழப்பு 1000 sin²5°, ஏறத்தாழ 8 மட்டுமே. ஆனால் கிடைக்கோட்டில் ஒட்டவேண்டிய கேஜ் அதே 5 பாகை ஒரு பக்கம் சாய்ந்தால் 600-க்குப் பதில் 665 காட்டும். மறுபக்கம் சாய்ந்தால் 526. ஐகன் திசையில் ஈவு தட்டையாக நிற்கிறது, மற்ற இடங்களில் சரிவாக ஓடுகிறது. பென்சில் கோட்டை அசட்டையாக இழுத்தால் அணியின் உறுப்புகள்தான் முதலில் கெடும். இதனால்தான் மூன்று கேஜ்களையும் தனித்தனியாக ஒட்டாமல், ஒரே தகட்டில் கோணம் மாறாமல் அமைந்த ரோசெட்டைப் பயன்படுத்தச் சொல்கிறேன். ரோசெட் மொத்தமாகச் சாய்ந்தால் அளவுகள் மாறும், ஆனால் 800-உம் −200-உம் மாறாது. கணக்கில் வரும் திசை மட்டும் சாய்ந்த அளவுக்கு விலகும்.

அடுத்த தவறு, கணக்குத் தெரிந்தவர்களும் செய்வது. பொறியியல் புத்தகங்களில் சறுக்குத் திரிபு γ = 2ε₄₅ − ε₀ − ε₉₀ என்று இருக்கும். இங்கே γ = 1400 − 600 = 800. அந்த 800-ஐ அப்படியே அணியில் b-யின் இடத்தில் எழுதிவிடுகிறார்கள். அணியில் எழுதவேண்டியது γ-வில் பாதி, 400. 800 என்று எழுதினால் ஐகன் மதிப்புகள் 1154, −554 என்று வரும். பார்க்க நம்பும்படியாகவே இருக்கும். கண்டுபிடிக்கும் வழி எளிது: நீங்கள் எழுதிய அணியில் 45 பாகைத் திசையைப் போட்டு ஈவைக் கணக்கிடுங்கள். தவறான அணி (600 + 1600)/2 = 1100 தரும். கேஜ் காட்டியதோ 700. அணி சரியென்றால், அளந்த மூன்று எண்களையும் அது திருப்பித் தந்தாக வேண்டும்.

கணினியில் போடுபவர்களுக்கு:

```python
import numpy as np
A = np.array([[600, 400],
              [400,   0]])
print(np.linalg.eigvalsh(A))   # [-200.  800.]
```

`eigvalsh` சமச்சீர் அணிக்கென்றே உள்ளது. வேறு எதுவும் சொல்லாவிட்டால் அது அணியின் கீழ் முக்கோணத்தை மட்டுமே படிக்கும். மேலே 400, கீழே 800 என்று தட்டிவிட்டாலும் எச்சரிக்கை எதுவும் வராது. 1154 என்ற தவறான விடைதான் வரும். அணி சமச்சீராக இருக்கிறதா என்பதை முன்கூட்டியே நீங்கள்தான் பார்க்க வேண்டும். சமச்சீர் இல்லாத அணிக்கு இந்த உச்ச-அடிமட்ட விதியே பொருந்தாது என்பதையும் மறக்கவேண்டாம். மேல் வரிசை (1, 10), கீழ் வரிசை (0, 1) உள்ள அணியின் ஐகன் மதிப்புகள் இரண்டும் 1; ஆனால் (1, 1) திசையில் ஈவு 6.

கடைசியாக ஒன்று. கேஜ் மேற்பரப்பில் மட்டுமே ஒட்டும். நாம் சுற்றிப் பார்த்த திசைகள் எல்லாம் ஒரே தளத்துத் திசைகள். எஃகோ முப்பரிமாணப் பொருள். அதன் திரிபு அணி 3×3. திசைகளைக் குறைத்துத் தேடினால் கிடைக்கும் உச்சம் உண்மை உச்சத்தைவிடக் குறையலாம், அடிமட்டம் உண்மை அடிமட்டத்தைவிட உயரலாம். அதுவே இங்கும் நடந்திருக்கிறது. சுமை எதுவும் படாத மேற்பரப்பில், பரப்புக்குச் செங்குத்தான திசையும் ஓர் ஐகன் திசை. அங்கே திரிபு −ν/(1−ν) × (800 − 200). ν என்பது பாய்சான் விகிதம்; எஃகுக்கு அது 0.3 என்றால் −257. உச்சம் 800 அப்படியே நிற்கிறது, ஆனால் மிகச்சிறிய ஐகன் மதிப்பு −200 அல்ல, −257. மிகப்பெரிய சறுக்குத் திரிபு இந்த இரண்டு முனைகளின் வித்தியாசம் என்பதால், அது 1000-லிருந்து 1057 ஆகிறது. அந்த அறிக்கையின் எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, 700-லிருந்து 0-ஐக் கழித்திருந்தால் 700 என்று முடிந்திருக்கும்.

கணக்கைக் காட்டியபோது அங்கிருந்த மூத்த பொறியாளர் ஒத்துக்கொள்ளத் தயங்கினார். "எந்த கேஜும் காட்டாத மைனஸ் எங்கிருந்து சார் வரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மறுநாள் காலையில் அதே இடத்துக்குப் பக்கத்தில், கிடைக்கோட்டிலிருந்து 26.5 பாகையில் ஒன்றும் அதற்குச் செங்குத்தாக ஒன்றுமாக இரண்டு கேஜ்களை ஒட்டினோம். அதே சுமையை ஏற்றினோம். முதல் கேஜ் 793 காட்டியது. இரண்டாவது −191-இல் நின்றது.