போகும்போது 1 மணி 45 நிமிடம், வரும்போது 2 மணி 25 நிமிடம்: விமானப் பயண நேரம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

பயணத் திட்டம் தயாரிக்கும் டிஸ்பாட்சர் வேலையில் இருப்பவர்களிடம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பயணிகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. டெல்லியிலிருந்து கௌஹாத்திக்குச் சீக்கிரம் போய்விடும் விமானம், திரும்பும்போது மட்டும் ஏன் அரை மணி நேரத்துக்கு மேல் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது?

இரு நகரங்களுக்கும் இடையே நேர்தூரம் ஏறத்தாழ 1,450 கி.மீ. விமானப் பாதைகள் நேர்கோட்டில் அமையாததால் 1,500 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஏர்பஸ் ஏ320 வகை விமானம் 35,000 அடி உயரத்தில் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து மணிக்குச் சுமார் 830 கி.மீ. வேகத்தில் பறக்கும். தூரத்தை வேகத்தால் வகுத்தால் 108 நிமிடம் வருகிறது. பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். காற்றே வீசாத நாளில்கூட இந்த விடை பொருந்தாது.

காரணம், மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் விமானம் அந்த வேகத்தில் பறப்பதில்லை. பறக்கும் உயரத்தை எட்ட இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிறது. இறங்கி ஓடுபாதையைத் தொடவும் ஏறக்குறைய அதே அளவு நேரம் தேவை. இரண்டும் சேர்ந்து 46 நிமிடம், அதற்குள் கடக்கும் தூரம் 460 கி.மீ. என்று கொண்டால், மீதமுள்ள 1,040 கி.மீ. தூரத்துக்கு 75 நிமிடம். ஆகவே காற்றற்ற நிலையில் பறக்கும் நேரம் 121 நிமிடம். கால அட்டவணையில் அச்சாகும் நேரம் இதைவிடக் கூடுதலாக இருக்கும். விமானம் தரையில் ஊர்ந்து செல்லும் நேரத்தையும் சேர்த்து, வாயிலிலிருந்து வாயில் வரை கணக்கிடப்படுவது அது.

இனி காற்றுக்கு வருவோம். குளிர்காலத்தில் இமயமலைக்குத் தெற்கே, வட இந்தியாவின் மேல் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் பாய்கிறது. பறக்கும் உயரத்தில் அது சராசரியாக மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் வீசும் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். கௌஹாத்திக்குப் போகும்போது தரைவேகம் 990 கி.மீ.; திரும்பும்போது 670 கி.மீ. இருக்கைத் திரையில் பயணிகள் பார்ப்பது இந்தத் தரைவேகத்தைத்தான். இரு திசையிலும் விமானம் காற்றைக் கிழித்துச் செல்லும் வேகம் அதே 830 கி.மீ.தான்.

ஏற்றத்திலும் இறக்கத்திலும் காற்று வேறு விதமாக விளையாடுகிறது. 46 நிமிடம் என்பது பெரிதும் மாறாது. அதற்குள் தரையில் கடக்கும் தூரம்தான் மாறும். கீழ் உயரங்களில் காற்று தணிந்திருப்பதால் சராசரி 80 கி.மீ. என்று கொண்டால், போகும்போது 60 கி.மீ. கூடுதலாகவும் வரும்போது 60 கி.மீ. குறைவாகவும் கடந்திருப்போம். ஆகவே போகும்போது மீதமுள்ள 980 கி.மீ. தூரத்துக்கு 59 நிமிடம், வரும்போது மீதமுள்ள 1,100 கி.மீ. தூரத்துக்கு 99 நிமிடம். மொத்தம் 105 நிமிடம், 145 நிமிடம்.

போகும்போது மிச்சமானது 16 நிமிடம். வரும்போது இழந்ததோ 24 நிமிடம். ஒரே காற்றுதானே, போக வரச் சரியாகிவிடாதா என்று படித்தவர்களே கேட்பார்கள். ஆகாது, எதிர்க்காற்றில் விமானம் மெதுவாக நகர்வதால் அந்தக் காற்றுக்குள் நெடுநேரம் இருக்க வேண்டியிருக்கிறது, பின்னாலிருந்து தள்ளும் காற்றிலோ சீக்கிரம் வெளியேறிவிடுகிறது. பக்கவாட்டில் வீசும் காற்று போக்கிலும் வரவிலும் நேரத்தைக் கூட்டும் என்பதையும் பலர் அறிவதில்லை. பாதை விலகாதிருக்க மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பிப் பறப்பதால் முன்னேறும் வேகம் சற்றுக் குறைகிறது.

எதிர்க்காற்று மிகப் பலமாக இருந்தால், அது தணிந்திருக்கும் தாழ்ந்த உயரத்தைத் தேர்ந்தெடுப்பதும் உண்டு. அடர்ந்த காற்றில் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும் என்பதால், எத்தனை நிமிடம் மிச்சமாகிறது, எத்தனை கிலோ கூடுகிறது என்று இரண்டையும் தட்டில் வைத்துப் பார்த்தே முடிவு செய்கிறோம். முன்னறிவிப்பில் சொன்ன காற்று வீசாத நாள்களும் உண்டு. ஆகவே டெல்லியில் இறங்கி வேறு விமானம் பிடிப்பவர்கள் குளிர்காலத்தில் இடைவெளியைத் தாராளமாக வைத்துக்கொள்வது நல்லது.

பூமி சுழல்வதால் விமானத்தின் அடியில் தரை நகர்ந்துவிடுகிறது என்ற விளக்கம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. அந்த விளக்கம் உண்மையானால் வித்தியாசம் ஆண்டு முழுவதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜூன் மாதத்தில் ஜெட் காற்றோட்டம் இமயமலைக்கு வடக்கே விலகிவிட, ஜூலையில் கௌஹாத்தியின் போக்குவரத்து நேர வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. அதே பருவத்தில் தென்னிந்தியாவின் மேல் உயரே வீசுவது கிழக்குக் காற்று. 1958-இல் வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம் விவரித்த வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் அது. அதன் மையம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே இருப்பதால் முழு வேகமும் கிடைக்காது என்றாலும், சென்னையிலிருந்து மேற்கே புறப்படும் விமானத்தை ஓரளவு தள்ளிவிடும்.