87 வயசில எச்.பி.ஏ.1.சி 6.4 எண்டால் எனக்குப் பயம்

போன மாரியில ஒருநாள் விடிய ஒரு ஆச்சியை ஓட்டோவில ஏத்திக்கொண்டு வந்தவை. 87 வயசு. மகள் சொன்னா, "டொக்டர், ரெண்டு மூண்டு கிழமையா அம்மாக்கு மாறாட்டம், விடியக்காலமையில என்னை ஆரெண்டே தெரியுதில்லை, இண்டைக்கு எழுப்பவே ஏலாமல் கிடக்கு." விரல்ல குத்திப் பார்த்தால் சீனி 46. குளுக்கோஸ் ஏத்தி கொஞ்ச நேரத்தில ஆச்சி கண்ணைத் திறந்து மகளின்ரை பேரைச் சொல்லித் தண்ணி கேட்டா. மூளையில ஒரு வருத்தமும் இல்லை, சீனி இறங்கினதுதான்.

கொப்பியைப் பிரிச்சுப் பார்த்தன். சீனி வருத்தத்துக்குக் குடுக்கிற கிளிபென்கிளமைட் 5 மில்லிகிராம், காலமை ஒண்டு பின்னேரம் ஒண்டு. 72 வயசில தொடங்கினது, 15 வருசமா அதே குளிசை அதே அளவு, மாதாமாதம் 'திரும்பக் குடுக்கவும்' எண்டு எழுதி எழுதி வந்திருக்கு. மூண்டு மாசச் சராசரிச் சீனியைக் காட்டுற எச்.பி.ஏ.1.சி கடைசியா 6.4. "நல்ல கொன்ட்ரோல்" எண்டு பக்கத்தில ஒரு சரி அடையாளமும் போட்டிருக்கினம்.

வயசு போனவை எண்டு எல்லாரையும் ஒண்டாப் போடுறதில இருக்கிற பிழை இதுதான். எங்கட நாட்டுச் சட்டத்தில 60 தாண்டினால் முதியவர், அதோட முடிஞ்சுது. மருத்துவத்தில பொதுவா மூண்டாப் பிரிக்கிறம்: 65இல இருந்து 74 வரை இளமுதியோர், 75இல இருந்து 84 வரை நடுமுதியோர், 85க்கு மேல மிகமுதியோர். இந்தப் பிரிவுக்கு வித்து போட்டவ பேர்னிஸ் நியூகார்டன் எண்ட அமெரிக்க ஆய்வாளர், 1974இல. அவ பிரிச்சது ரெண்டாத்தான், எல்லையும் 55இல தொடங்கினது, பிறகுதான் இப்பிடி வந்தது.

இந்த ஆச்சி மூண்டு பிரிவையும் ஒரே மருந்துச்சீட்டோட கடந்து வந்தவ. 72இல 58 கிலோ, சந்தைக்குத் தானே போய் வந்து மூண்டு நேரமும் சமைச்சுச் சாப்பிட்டவ. அந்த வயசில எச்.பி.ஏ.1.சியை 7, 7.5க்குள்ள வைச்சால் கண்ணும் சிறுநீரகமும் தப்பும், அந்தப் பலனை அனுபவிக்க முன்னால வருசங்கள் கிடக்கு. அப்ப அந்தக் குளிசையில பெரிய பிழை சொல்ல மாட்டன்.

79இல கிணத்தடியில விழுந்திருக்கிறா. கை முறிஞ்சு மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினதோட சரி, ஏன் விழுந்தவ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நடுமுதியோரில பார்க்கவேண்டியதே அந்த 'ஏன்'தான். அஞ்சு நிமிசம் படுக்கவிட்டு பிறசர் பாருங்கோ, எழும்பி நிண்டு ஒரு நிமிசத்திலயும் மூண்டு நிமிசத்திலயும் திருப்பிப் பாருங்கோ, மேல் எண் 20க்குக் குறையாமல் இறங்கினால் பிறசர்க் குளிசையைத் திருப்பி யோசிக்கவேணும். சீனிக் குளிசையையும் அப்பவே பார்த்திருக்கலாம்.

இப்ப 87. 38 கிலோ, இரவுக்கு அரைக் கோப்பை கஞ்சி. ரிப்போட்டில கிரியட்டினின் 1.0, 'நோர்மல்' எண்டுதான் அடிச்சிருக்கு. கிரியட்டினின் தசையில இருந்து வாறது, தசையே இல்லாத உடம்பில அது ஏறாது, அதாலை சிறுநீரகம் களைச்சுப்போனது வெளியில தெரியாது. வயசையும் நிறையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் 72இல நிமிசத்துக்கு 52 மில்லிலீற்றர் அளவில வடிகட்டின சிறுநீரகம் இப்ப 24தான் வடிகட்டுது. கிளிபென்கிளமைட் ஈரல்ல உடைஞ்சாலும் உடைஞ்ச துண்டுகளும் சீனியை இறக்கும், அதுகள் சிறுநீரில போகாமல் உடம்பிலயே தங்கும். பின்னேரம் போட்ட குளிசை விடியவும் வேலை செய்யுது, வயித்தில கஞ்சியும் இல்லை.

இன்னொண்டு, இளமுதியோருக்குச் சீனி இறங்கினால் வேர்க்கும், கை நடுங்கும், தாங்களே சீனித் தேத்தண்ணி குடிப்பினம். 85 தாண்டினவைக்கு அநேகமா அந்த முன்னறிவிப்பு வராது, நேரா மாறாட்டம், நித்திரைத்தூக்கம், இல்லாட்டி விழுகைதான். வீட்டில 'வயசு போட்டுது' எண்டு விட்டிடுவினம். மாறாட்டம் வந்து வந்து போகுது, அதுவும் விடியவோ சாப்பாடு பிந்தின நேரத்திலயோ எண்டால் முதல்ல சீனியைக் குத்திப் பாருங்கோ. 70க்குக் கீழ இருந்து, விழுங்க ஏலுமெண்டால் மூண்டு தேக்கரண்டி சீனியைத் தண்ணியில கரைச்சுக் குடுங்கோ, கால் மணித்தியாலத்தில திருப்பிப் பாருங்கோ. விழுங்க ஏலாட்டி வாயில ஒண்டும் ஊத்தாதேங்கோ, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ. கிளிபென்கிளமைட் எண்டால் தெளிஞ்ச உடன வீட்டை கூட்டிக்கொண்டு போகவும் கூடாது, பிறகும் இறங்கும். ஆச்சியை ரெண்டு நாள் வைச்சுத்தான் விட்டனாங்கள்.

வயசு மட்டும் கணக்கில்லை. 86இல சைக்கிள் மிதிக்கிறவரும் இருக்கிறார், 70இல பாரிசவாதம் வந்து படுக்கையில இருக்கிறவவும் இருக்கிறா. பிரிவு சொல்லுறது எந்தக் கேள்வியை முதல்ல கேக்கவேணும் எண்டு மட்டும்தான்.

அந்தக் குளிசையை நிப்பாட்டி மூண்டு மாசத்தால ஆச்சிக்கு எச்.பி.ஏ.1.சி 8.1. கனடாவில இருந்து மகன் எடுத்து, சீனி ஏறிட்டுது எண்டு மகளை நல்லாப் பேசினவராம். மாறாட்டம் எப்பிடி எண்டு கேட்டன், ஒருநாளும் வரேல்லையாம். கொப்பியின்ரை முன்மட்டையில சிவப்பு மையால எழுதிக்குடுத்தன்: இலக்கு 8 – 8.5, கிளிபென்கிளமைட் திரும்பத் தொடங்கவேண்டாம். அடுத்தமுறை ஆர் பார்ப்பினமோ தெரியாதுதானே.