'டயக்னாஸ்டிக் சென்டர்': பெயர்ப்பலகையில் எந்தத் தமிழ்ச்சொல்?

ரத்தம், சிறுநீர் பரிசோதிக்கும் நிலையத்துக்குத் தமிழில் பெயர் தேடுபவர் முதலில் மாட்டிக்கொள்வது 'டயக்னாஸ்டிக்' என்ற சொல்லில்தான். அதற்கு நோயறிதல், நோய் கண்டறிதல், நோய்நாடல் என்ற மூன்று சொற்கள் புழக்கத்தில் உள்ளன. மருத்துவப் பாடநூலில் மூன்றும் பொருந்தும். பலகையில் எழுதும்போது மூன்றுமே இடறுகின்றன. ஏன் என்பது மூலச்சொல்லைப் பிரித்துப் பார்த்தால் புரியும்.

கிரேக்க மொழியில் 'டியா' என்றால் ஊடாக, வேறாக. 'கிக்னோஸ்கெய்ன்' என்றால் அறிதல். இரண்டும் சேர்ந்தால் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்து அறிதல் என்று பொருள். அதில் நோய் என்ற சொல்லே கிடையாது. நோயை நாம்தான் தமிழாக்கும்போது சேர்த்தோம். பிரித்தல் என்ற பாதியை விட்டுவிட்டோம். நேர்ப்பொருளில் பார்த்தால் 'பகுத்தறிதல்' கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அந்தச் சொல் வேறொரு கருத்துக்கு நிலையாக உரிமையாகிவிட்டதால் பலகைக்கு ஆகாது.

நாம் சேர்த்த 'நோய்' என்ன செய்கிறது என்று பாருங்கள். நிலையத்துக்கு வருபவர்களில் வேலையில் சேரச் சான்று வேண்டி வந்தவர் இருப்பார், கர்ப்பிணி இருப்பார், மார்பில் சிறு கட்டி தட்டுப்பட்டு இரவெல்லாம் தூங்காதவரும் இருப்பார். 'நோயறி மையம்' என்ற பலகை, உள்ளே போகுமுன்பே நோய் இருப்பதாக அவர்களுக்குச் சொல்லிவிடுகிறது. தொலைவிலிருந்து படிக்கும்போது 'நோயறி' என்பது 'நோயாளி' என்றும் கண்ணில் படும்.

அச்சம் ஒருபுறம் இருக்க, அந்தப் பெயர் உண்மையும் அல்ல. ஆய்வகம் நோயை அறிவதில்லை, அளக்கிறது. ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 9 கிராம் என்று அறிக்கை வருகிறது. அது இரும்புச்சத்துக் குறைவா, உள்ளே எங்காவது ரத்தக்கசிவா, பிறவியிலேயே வந்த தலசீமியாவா என்று பிரித்துச் சொல்பவர், நோயாளியைப் பார்த்துக் கேட்டு மற்ற அளவுகளையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் மருத்துவர். நோயறிதல் நடக்கும் இடம் அதுதான்.

'நோய்நாடல்' அழகிய சொல். 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்ற குறளில் வேர் கொண்டது. சித்த மருத்துவத்தில் பாடப்பெயராகவே வழங்குகிறது. அந்தக் குறளில் 'நாடி' என்பது நாடித்துடிப்பு அல்ல, ஆராய்ந்து என்ற வினையெச்சம். இன்றைய பேச்சில் நாடுதல் என்றால் விரும்பித் தேடிப் போதல். 'நோய்நாடு மையம்' என்று எழுதினால், குறளை அறியாதவர் காதில் நோயைத் தேடிப்போகும் இடம் என்றுதான் விழும். வகுப்பறையில் இருக்கட்டும், பலகைக்கு வேண்டாம்.

எஞ்சுவன பரிசோதனையும் ஆய்வும். 'சோதனை' சமஸ்கிருத 'சோதன'த்திலிருந்து வந்தது. தூய்மைப்படுத்துதல் அதன் முதற்பொருள். 'ரத்தப் பரிசோதனை' என்று எல்லாரும் சொல்கிறோம், அதில் தவறில்லை. இடப்பெயராக்கும்போதுதான் வம்பு வருகிறது. தமிழில் பரிசோதனை என்பது உடலைச் சரிபார்ப்பதற்கும் வழங்கும், புதிதாக ஒன்றைச் செய்து பார்ப்பதற்கும் வழங்கும். 'பரிசோதனைக்கூடம்' என்றதும் கண்ணாடிக் குடுவைகளும் கூண்டு எலிகளும் மனத்தில் வருகின்றன. நம்மை வைத்துச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்ற எண்ணம் கலங்கியிருப்பவருக்கு எளிதில் வரும்.

'ஆய்வு' இந்த இடத்தில் மேலானது. ஆய்தல் என்றால் நுணுகிப் பார்த்துப் பிரித்தெடுத்தல். கீரை ஆய்தல் என்கிறோமே, வேண்டியதை ஒருபுறம், வேண்டாததை ஒருபுறம் வைப்பது, அதே வினைதான். கிரேக்கச் சொல்லில் இருந்த, நோயறிதலில் தொலைந்துபோன அந்தப் பிரித்தல் இங்கே திரும்பக் கிடைக்கிறது. 'ஆய்வகம்' என்று மட்டும் விட்டால் மண்ணையோ நீரையோ ஆயும் இடமாகவும் தோன்றலாம். முன்னால் 'மருத்துவ' சேர்த்தால் ஐயம் தீர்ந்தது.

ஸ்கேன் தனிக் கதை. லத்தீனில் 'ஸ்காந்தெரே' என்றால் ஏறுதல். அது பாட்டின் சீர்களை ஒவ்வொன்றாக அளந்து செல்வதற்கு ஆகி, பிறகு எதையும் ஒன்றுவிடாமல் உற்றுப் பார்ப்பதற்கு ஆயிற்று. நம் யாப்பிலக்கணத்தில் அதற்கு நிகரான சொல் 'அலகிடுதல்'. இன்று வழங்குவது 'வருடல்'. அல்ட்ராசவுண்ட் எனப்படும் மீயொலி ஸ்கேனுக்கு அது அப்படியே ஒத்துப்போகும்: களிம்பு தடவிய தோலின்மேல் கருவி உண்மையிலேயே வருடிக்கொண்டுதான் போகிறது. இடையில் காற்று இருந்தால் ஒலியலை உள்ளே போகாமல் திரும்பிவிடும் என்பதால்தான் அந்தக் களிம்பு. சிடி, எம்ஆர்ஐ எந்திரங்கள் உடலைத் தொடுவதில்லை. அங்கே வருடல் உவமையளவில்தான் பொருந்தும்.

தவிர்க்க வேண்டியது 'கதிரியல் மையம்' என்ற பெயர். மருத்துவத் துறைக்கு அது சரியான பெயர். ஆனால் எக்ஸ்ரேயிலும் சிடியிலும்தான் எக்ஸ்கதிர் உண்டு. மீயொலியில் இருப்பது ஒலியலை. எம்ஆர்ஐயில் காந்தப்புலமும் ரேடியோ அலையும். மீயொலிக்கு மட்டும் வந்த கர்ப்பிணி வாசலில் 'கதிர்' என்று படித்துவிட்டுத் தயங்கி நிற்க வேண்டியதில்லை. 'ஸ்கேன்' என்று தமிழெழுத்தில் எழுதுவதே என் முதல் தேர்வு. மருத்துவர் சீட்டில் எழுதியதையும் வீட்டார் சொல்லி அனுப்பியதையும் பலகையில் கண்டால், சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்ற நிம்மதி வரும்.

இனி ஒரு நிலையத்துக்குப் பெயர் வைத்துப் பார்ப்போம். ரத்தம், சிறுநீர் ஆய்வும் மீயொலியும் எக்ஸ்ரேயும் உண்டு. சிடி, எம்ஆர்ஐ இல்லை. உரிமையாளர் 'துல்லியம்' என்று வைக்க விரும்புகிறார். சமம், ஒப்பு என்று பொருள்படும் 'துல்ய' என்ற சொல்லிலிருந்து வந்தது. தராசைக் குறிக்கும் துலாவோடு உறவுடையது. ஆய்வகத்தில் இதற்கு வரையறுத்த பொருள் உண்டு. சர்க்கரை 100 என்று முன்பே தெரிந்த மாதிரியை நான்கு முறை ஓட்டும்போது 112, 111, 112, 113 என்று வந்தால், எந்திரம் மாறாமல் ஒரே இடத்தில் நிற்கிறது. ஆனால் துல்லியமாக இல்லை, தராசே சாய்ந்திருக்கிறது. அளவுதிருத்தம் செய்தாக வேண்டும். இந்தச் சொல்லைப் பெயராக வைத்துவிட்டால், அறிக்கையில் வரும் ஒவ்வொரு பிழையும் பெயரையே பொய்யாக்கும். ரத்தம் எடுத்த விதம், வெறும் வயிறா இல்லையா என்பதால் மாறும் எண்ணுக்கும் பழி அங்கேதான் போகும்.

அதைவிட 'தெளிவு' நன்று. கலங்கல் அடியில் படிந்து நீர் தெளிவதைச் சொல்லும் வேர் அது. ஆய்வகத்தில் கண்ணெதிரே நடப்பதும் அதுதான்: குழாயில் எடுத்த ரத்தம் அரைமணி நேரம் உறைந்து, சுழற்றியில் பத்து நிமிடம் சுற்றி வந்ததும், சிவப்பு அடியில் நின்று மேலே இளமஞ்சள் நீர் தெளிந்திருக்கும். பல அளவுகள் அந்த நீரிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன. பழந்தமிழில் தெளிதலுக்கு ஆராய்ந்து நம்புதல் என்ற பொருளும் உண்டு. ஆக, பலகையில் பெரிய எழுத்தில் 'தெளிவு மருத்துவ ஆய்வகம்', அடியில் 'ரத்தம், சிறுநீர், மீயொலி ஸ்கேன், எக்ஸ்ரே' என்று இருப்பவற்றை மட்டும் எழுதலாம். பொதுவாக 'ஸ்கேன்' என்று மட்டும் எழுதினால் எம்ஆர்ஐ சீட்டோடு வருபவர் வலியோடு திரும்பிப் போக நேரும்.

எழுதுபவரிடம் கொடுக்குமுன் ஒற்றெழுத்தைச் சரிபாருங்கள். 'மருத்துவ ஆய்வகம்' என்பதில் ஒற்று வராது. 'மருத்துவப் பரிசோதனை', 'ரத்தப் பரிசோதனை' என்றால் 'ப்' வரும். எழுத்துப்பிழையோடு நிற்கும் பலகையைப் பார்ப்பவர், அறிக்கையில் தன் பெயரும் எண்ணும் சரியாக இருக்குமா என்று யோசிப்பார்.